கட்டி வைத்த இரவுகளை எண்ணுவது: உளமருத்துவ விடுதியில் ஒரு கணக்காய்வை அமைக்கும் விதம்

தீவிர நிலையில் வருபவர்களை அனுமதிக்கும் உளமருத்துவ விடுதியில் நோயாளிகளைக் கட்டுவதும் பூட்டிவைப்பதும் எப்படி நடக்கின்றன என்று மருத்துவக் கணக்காய்வு செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது விடுதியின் கட்டுப்படுத்தல் பதிவேட்டை. ஒரு மாதத்துப் பக்கங்களைப் புரட்டி, எத்தனை பதிவுகள், எத்தனையில் மருத்துவர் கையொப்பம், எத்தனையில் நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணி, விழுக்காடு போட்டு, மாதாந்தக் கூட்டத்தில் வாசித்துவிடுவார்கள். இந்த வழியில் கிடைப்பது பதிவேட்டைப் பற்றிய செய்தி மட்டுமே. எழுதப்படாமல் போன இரவுகள் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. மிக நீண்ட நேரம் கட்டிவைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்த எழுதப்படாத இரவுகளில்தான் இருக்கிறார்கள்.

பதிவேடு ஏன் குறைவாக எழுதப்படுகிறது என்பதை கொழும்பில் மூத்த தாதி ஒருவர் எனக்கு ஒரே மூச்சில் விளக்கினார்: "டொக்டர், எழுதினால் ஏன் கட்டினீர்கள் என்று எங்களிடம்தான் கேட்பார்கள். எழுதாவிட்டால் ஒருவரும் கேட்பதில்லை." இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இரவில் இரண்டு மூன்று தாதியர், சில சிற்றூழியர், கட்டில்களுக்கு மேலாகவும் நோயாளிகள் என்றிருக்கும்போது, கேள்வியை மட்டுமே கொண்டுவரும் புத்தகம் கடைசியாகத்தான் திறக்கப்படும். ஆகவே கணக்காய்வின் வடிவமைப்பில் முதல் வேலை, பதிவேட்டை நம்பாமலே சம்பவங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழியை அமைப்பது.

அதற்கும் முன்னால் எதை எண்ணப் போகிறோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கையால் பிடித்து அடக்குவது, துணியாலோ பட்டியாலோ கட்டிலோடு கட்டுவது, வெளியே வரமுடியாத இடத்தில் தனியே வைப்பது ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ணுங்கள். மூன்றாவதில்தான் தகராறு அதிகம். தனிமைப்படுத்தும் அறை என்று பெயர் வைக்கப்பட்ட அறை எங்களிடம் இல்லை, எனவே அந்த வழக்கமும் இல்லை என்று பல விடுதிகளில் சொல்வார்கள். ஆனால் ஓரத்து அறையில் நோயாளியை விட்டுக் கதவைச் சாத்தி, வெளியே ஒருவர் நின்றுகொண்டால், உள்ளே இருப்பவருக்கு அதுவும் பூட்டிய அறைதான். தனியே இருக்கிறாரா, விரும்பினால் வெளியே வரமுடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைதான் வரையறையாக இருக்க வேண்டும். அறையின் பெயரைக் கேட்கத் தேவையில்லை. துணைக்கு நிற்கும் அண்ணனோ மாமாவோ நோயாளியின் கையைப் பிடித்து அழுத்த, தாதி ஊசி போட்டால், அதையும் பிடித்தடக்கியதாகவே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. நம் நாட்டில் அது சாதாரணமாக நடக்கிறது. வெளிநாட்டுப் படிவங்களில் அதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

இன்னொரு சிறிய விதியும் முன்கூட்டியே வேண்டும். மலசலகூடத்துக்குப் போகக் கட்டு அவிழ்க்கப்பட்டு, பத்து நிமிடத்தில் மறுபடியும் கட்டப்பட்டால் அது ஒரு சம்பவமா, இரண்டா? ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் கட்டினால் ஒரே சம்பவம், அவிழ்த்திருந்த நேரம் மட்டும் கழிக்கப்படும் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு விதி வைத்தாலும் பாதகமில்லை. தரவைப் பார்த்தபிறகு விதியை மாற்றுவதுதான் தவறு.

எந்த அளவுகோலால் அளப்பது

இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1873ஆம் ஆண்டின் உளநோய்கள் கட்டளைச் சட்டம். அதன் கவனமெல்லாம் ஒருவரை நிறுவனத்தில் சேர்க்கும் நடைமுறையில் இருக்கிறது. விடுதிக்குள் ஒருவரைக் கட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற நுணுக்கத்துக்கு அதிலிருந்து அளவுகோல் எடுக்க முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அது திசையைக் காட்டும், நிமிடக் கணக்கைச் சொல்லாது. எனவே கணக்காய்வுக்கான தரங்களை வெளியிலிருந்து எடுத்து, விடுதியின் மருத்துவ நிபுணரும் பொறுப்புத் தாதியும் கையொப்பமிட்டு, தங்களுடையவையாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவின் சித்திரவதைத் தடுப்புக் குழு 2017இல் திருத்தி வெளியிட்ட தரங்கள் எனக்கு மிகவும் பயன்படுகின்றன. கட்டுவதும் பூட்டுவதும் மிகக் குறைந்த நேரத்துக்கே நடக்க வேண்டும், பொதுவாக மணிக்கணக்கில் இல்லாமல் நிமிடக்கணக்கில் முடிய வேண்டும், காரணம் தீர்ந்தவுடன் நிறுத்தப்பட வேண்டும் என்று அவை சொல்கின்றன. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, கையால் பிடித்தடக்குவது வழமையாகப் பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அமெரிக்க மத்திய விதிகளின்படி, வன்முறை காரணமாகக் கட்டப்பட்டவரை ஒரு மணி நேரத்துக்குள் தகுதியுள்ளவர் நேரில் பார்க்க வேண்டும், பெரியவர்களுக்கான ஓர் உத்தரவு நான்கு மணி நேரத்துக்கு மேல் செல்லாது.

இவற்றிலிருந்து நான்கைந்தை மட்டும் எடுத்தால் போதும். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் எழுதப்பட்டிருக்கின்றனவா, மருத்துவர் ஒரு மணி நேரத்துக்குள் வந்து பார்த்தாரா, ஒப்புக்கொண்ட இடைவெளியில் மூச்சும் நாடியும் கட்டிய கைகால்களின் இரத்த ஓட்டமும் பார்க்கப்பட்டனவா, தொடர்ந்து கட்டிவைத்ததற்கு அந்த நேரத்துக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, நோயாளி தெளிந்த பிறகு அவரோடு அதைப்பற்றி யாராவது பேசினார்களா. இருபது தரங்களை அடுக்கிய படிவத்தை எடுத்துப் பார்த்தால் பாதிக் கட்டங்கள் வெறுமையாகத்தான் இருக்கும்.

நான்காவதாகச் சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட பிறகு நோயாளி உறங்கிவிடுகிறார். கட்டியதற்கான காரணம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் விடுதி அமைதியாகிவிட்டதால் யாரும் அவிழ்க்க நினைப்பதில்லை. மயக்க மருந்தின் பிடியில் மல்லாந்து கட்டுண்டு கிடப்பவர் வாந்தி எடுத்தால் பக்கமாகத் திரும்ப முடியாது. மூச்சு மெதுவானால் வெளியில் பார்க்க ஆழ்ந்த உறக்கம் போலவே தெரியும். அசையாமல் பல மணி நேரம் கிடந்தால் காலின் ஆழ் நாளங்களில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லக்கூடும். கட்டுண்ட நிலையில் நேர்ந்த மரணங்களில் இது பதிவாகியிருக்கும் ஒரு காரணம். எனவே "உறங்கிய பின்னும் கட்டு இருந்ததா" என்ற கேள்வி படிவத்தில் தனியாக இருக்க வேண்டும்.

ஒரு மாதம், ஒரு விடுதி

இனி ஒரு கற்பனை விடுதியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கட்டில்கள் 24. ஆனால் சராசரியாகத் தங்கியிருப்பவர்கள் 27 பேர். முப்பது நாளுக்கு 810 நோயாளி நாட்கள். கட்டில்களை வைத்துக் கணக்கிட்டால் 720 என்றுதான் வரும், விகிதம் பொய்யாகக் கூடும். நள்ளிரவு எண்ணிக்கையை ஒவ்வொரு நாளும் எடுத்துக் கூட்டுவதே சரி.

பதிவேட்டில் 14 சம்பவங்கள் இருக்கின்றன. அடுத்து, பதிவேட்டைப் பார்க்காத ஒருவர் தாதியர் அறிக்கைப் புத்தகத்தை வரிவரியாக வாசிக்கிறார். அவருக்கு 21 கிடைக்கின்றன. இரண்டிலும் இருப்பவை 9. ஆகக் கண்டவை 26. பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் 12 சம்பவங்கள் கைதவறியிருக்கும்.

ஆனால் இரண்டிலும் இல்லாதவை எத்தனை? குளத்து மீன்களை அடையாளமிட்டு எண்ணுவதற்கு உயிரியலாளர்கள் பயன்படுத்தும் கணக்கு இங்கே உதவும். முதல் மூலத்தின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, இரண்டாவதன் எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டி, இரண்டையும் பெருக்கி, பொதுவானவற்றோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். 15ஐ 22ஆல் பெருக்கினால் 330. அதை 10ஆல் வகுத்தால் 33. ஒன்றைக் கழித்தால் 32. அதாவது எந்த இடத்திலும் எழுதப்படாதவை ஏறக்குறைய ஆறு. இந்தக் கணக்கு இரண்டு மூலங்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கருதிக்கொள்கிறது. நடைமுறையில் பதிவேட்டில் எழுதும் பழக்கமுள்ள தாதிதான் அறிக்கைப் புத்தகத்திலும் ஒழுங்காக எழுதுவார். அப்படி இருக்கும்போது விடை உண்மையைவிடக் குறைவாகவே வரும். எனவே 32 என்பதைக் கீழ் எல்லையாகக் கொள்வது நல்லது.

மூன்றாவது மூலம் மருந்து அட்டை. சாந்தப்படுத்த உடனடியாகப் போடப்பட்ட ஒவ்வொரு ஹலோபெரிடோல், புரோமெதசின் தசை ஊசியையும் எடுத்து, பி.எச்.ரி. எனப்படும் நோயாளியின் படுக்கைக் குறிப்பேட்டில் அந்த நேரத்துப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஊசி போட்டது மறைக்கப்படுவதில்லை, ஏனென்றால் மருந்துக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். தானாக விரும்பி ஊசிக்குக் கையை நீட்டியவர்களும் உண்டு என்பதால் ஒவ்வோர் ஊசியையும் சம்பவமாக எண்ணிவிடக்கூடாது. நம் விடுதியில் இந்த வழியில் மேலும் 3 சம்பவங்கள் கிடைத்தன என்று வைப்போம். மொத்தம் 29. ஆயிரம் நோயாளி நாளுக்குக் கண்ட விகிதம் ஏறக்குறைய 36. பதிவேடு மட்டும் சொல்லியிருக்கும் விகிதம் 17.

இந்த 29இல் தொடக்கமும் முடிவும் இரண்டும் எழுதப்பட்டவை 18தான். வழக்கமான அறிக்கை மற்ற 11ஐயும் ஒதுக்கிவிட்டு, 18இன் இடைநிலை நேரத்தைச் சொல்லிவிடும். அது பெரிய பிழை. முடிவு நேரம் தற்செயலாகத் தொலைவதில்லை. நமது அரசாங்க வைத்தியசாலைகளில் இரவுக் கடமை மாலை 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை. இரவில் கட்டியவர் ஒருவர், காலையில் அவிழ்த்தவர் இன்னொருவர். பொறுப்பு கைமாறும் அந்த அரைமணியில் முடிவு நேரம் தொலைந்துபோகிறது. கடமை மாற்றத்தைத் தாண்டி நீண்டவைதான் அதில் சிக்குகின்றன. குறுகியவை முழுமையாகப் பதிவாகின்றன, நீண்டவை விடுபடுகின்றன. ஒதுக்கினால் விடுதி உண்மையைவிட நல்லதாகத் தெரியும்.

ஒதுக்காமல் எப்படி அளப்பது என்று ஓர் இரவை எடுத்துப் பார்ப்போம். இதுவும் கற்பனையே. 23 வயது இளைஞர், தமிழ் மட்டும் பேசுபவர், பொலிஸார் கொண்டுவந்து சேர்த்தவர். இரவு 10.50க்கு விடுதிக் கதவை உடைக்க முயன்றார், பிடிக்கப்பட்டார் என்று அறிக்கைப் புத்தகம் சொல்கிறது. மருந்து அட்டையில் ஊசியின் நேரம் 10.55. பதிவேட்டில் கட்டிய நேரம் 11.15, முடிவு நேரம் வெறுமை. 1.30க்குப் பயிற்சி மருத்துவர் "உறங்குகிறார்" என்று எழுதியிருக்கிறார். அப்போது கட்டப்பட்டிருந்தாரா என்று எழுதவில்லை. 3.10க்குத் தண்ணீர் கேட்டார், கட்டிய நிலையிலேயே ஊட்டப்பட்டது என்று ஒரு வரி. காலை 7.40க்குக் குளிக்கப் போனார் என்று பகல் தாதியின் குறிப்பு. அன்றைய விடுதிச் சுற்றில் இடது மணிக்கட்டில் உராய்வுக் காயம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார்.

இதிலிருந்து இரண்டு எண்கள் பிறக்கின்றன. கட்டப்பட்டிருந்தார் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய நேரம் 11.15இலிருந்து 3.10 வரை, அதாவது 3 மணி 55 நிமிடம். கட்டப்பட்டிருந்திருக்கக்கூடிய மிக நீண்ட நேரம் 10.50இலிருந்து 7.40 வரை, 8 மணி 50 நிமிடம். படிவத்தில் இரண்டு எண்ணுக்கும் இடம் வையுங்கள். எல்லாச் சம்பவங்களுக்கும் கீழ் எல்லைகளை வைத்து ஒரு முறையும், மேல் எல்லைகளை வைத்து ஒரு முறையும் மொத்தத்தைக் கணக்கிட்டால், உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும். எல்லைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகலமாக இருந்தால், எந்தக் கடமை மாற்றத்தில் எழுத்து தொலைகிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். 1.30க்கு உறங்கியவர் 3.10க்கும் கட்டப்பட்டே இருந்தார் என்பதும் இதே காகிதங்களில் கிடைத்துவிட்டது. பதிவேட்டின் வெறும் கட்டம் இதைச் சொல்லியிருக்காது.

இந்த இளைஞரோடு 10.50க்கு முன் யார், எந்த மொழியில் பேசினார்கள்? ஒரு வரிகூட இல்லை. கொழும்பில் இது சின்ன விஷயம் அன்று. இரவுக் கடமையில் தமிழ் பேசும் தாதி ஒருவரும் இல்லாத விடுதியில் ஒரு தமிழ் நோயாளியைப் பேச்சால் சாந்தப்படுத்த முயன்றார்கள் என்றால், அந்த முயற்சி எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். நோயாளி பேசும் மொழி, சாந்தப்படுத்தப் பேசிய மொழி என்ற இரண்டு கட்டங்களைப் படிவத்தில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். இரண்டும் வேறுபட்ட சம்பவங்கள் அதிகமா, அவை நீண்டவையா என்று பிறகு பார்க்கலாம். தீர்வு ஆட்கடமை அட்டவணையில் ஒரு பெயரை மாற்றுவதாகவே இருக்கலாம்.

எழுத்து அழகாக இருந்தால்

அவதானிப்பு அட்டைகள் முழுமையாக நிரம்பியிருந்தாலும் சந்தேகம் தேவை. 10.00, 10.15, 10.30, 10.45 என்று காலை வரை ஒரு நிமிடமும் பிசகாமல் நேரங்கள், ஒரே மையில், நாடித்துடிப்பு எல்லா வரியிலும் 84 என்றிருந்தால் அது கடமையின் முடிவில் உட்கார்ந்து எழுதப்பட்டது. உண்மையில் பார்த்து எழுதியவரின் நேரங்கள் 10.17, 10.29, 10.48 என்று தள்ளாடும். எல்லா நேரங்களிலும் எத்தனை பூச்சியத்திலோ ஐந்திலோ முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். தற்செயலாக ஐந்தில் ஒன்றுதான் அப்படி முடிய வேண்டும். கால்மணி அட்டையில் வட்டமான நேரங்கள் சற்று மிகுந்திருப்பது இயல்பு, முழுவதும் அப்படி இருப்பது இயல்பன்று.

இதற்கு ஒரே நம்பகமான மாற்று, நேரில் போய்ப் பார்ப்பது. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நேரங்களைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுத்து, பின்னிரவு மூன்று மணியும் அவற்றில் வரும்படி பார்த்துக்கொண்டு, அறிவிப்பில்லாமல் விடுதிக்குள் நடந்துபோய் அந்தக் கணத்தில் கட்டப்பட்டிருப்பவர்களையும் அடைக்கப்பட்டிருப்பவர்களையும் எண்ண வேண்டும். பிறகு அதே கணத்தில் பதிவேடு என்ன சொன்னது என்று ஒப்பிட வேண்டும். இப்படிப் போவார்கள் என்பதும் எதற்காக என்பதும் ஊழியர் அனைவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். எந்த இரவு என்பது மட்டும் தெரியக்கூடாது. காணப்படும் எந்தக் குறையும் தனிநபர் ஒழுக்காற்று விசாரணைக்குப் போகாது என்று பணிப்பாளரின் கையொப்பத்தோடு எழுத்தில் பெற்றுக்கொள்ளாமல் இதைத் தொடங்க வேண்டாம். ஆனால் நோயாளிக்கு ஆபத்தான நிலையைக் கண்டால் அங்கேயே பொறுப்பானவரை அழைப்பது கணக்காய்வாளரின் கடமை என்பதும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும்.

கட்டப்பட்டவரின் வாய்ச்சொல்லும் ஒரு மூலமே. தெளிந்த பிறகு, அன்றைய கடமையில் இல்லாத ஒருவர், அவருடைய மொழியில், ஏன் கட்டினார்கள் என்று சொன்னார்களா, தண்ணீர் கிடைத்ததா, சிறுநீர் கழிக்க விட்டார்களா என்று கேட்க வேண்டும். சிறுநீரைப் பற்றிய கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை.

இரண்டாம் முறை

மாற்றங்களைச் செய்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும் அளக்கும்போது விடுதி திகைத்துப்போகும் நேரம் வரும். பதிவேட்டில் 14 இருந்த இடத்தில் 25 இருக்கும். நிர்வாகம் கேட்பது உறுதி: கணக்காய்வு வந்து கட்டுவது 79 விழுக்காடு கூடிவிட்டதா? முதல் முறை செய்த மூன்று மூலத் தேடலை அதே ஒழுங்கில் இரண்டாம் முறையும் செய்திருந்தால் பதில் கைவசம் இருக்கும். மொத்தத்தில் கண்டவை 29இலிருந்து 28 ஆனது. அதில் பதிவேடு பிடித்த பங்கு பாதிக்கும் குறைவாக இருந்தது, இப்போது பத்தில் ஒன்பது. கட்டுவது மாறவில்லை, எழுதுவது மாறியிருக்கிறது. எனவே முதல் சுற்றிலேயே "பதிவேட்டின் பிடிப்பு" என்ற எண்ணைத் தனி அளவாக அறிவித்துவிடுங்கள்.

29க்கும் 28க்கும், ஏன், 29க்கும் 22க்கும் உள்ள வேறுபாட்டைக்கூட முன்னேற்றம் என்று கொண்டாட இயலாது. இந்த அளவிலான மாத எண்ணிக்கை தற்செயலாகவே 20க்கும் 40க்கும் இடையில் ஆடக்கூடியது. ஒரே நோயாளி ஏழு முறை கட்டப்படும் மாதத்தில் இன்னும் அதிகமாக ஆடும். சிறிய விடுதியில் எண்ணிக்கையின் போக்கை வாரவாரமாக ஒரு வரைபடத்தில் பல மாதங்கள் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். நேரம் எழுதப்பட்டதா, மருத்துவர் வந்தாரா, உறங்கியபின் அவிழ்க்கப்பட்டதா போன்ற பங்குகள் மாறியதை அதற்கு முன்பே காணலாம். அவைதான் விடுதியின் கையில் உடனடியாக இருப்பவையும்.

அந்த வரைபடத்தில் கட்டிய எண்ணிக்கையின் கீழேயே தசை ஊசிகளின் எண்ணிக்கையும், ஓரத்து அறையில் அடைத்தவையும், ஊழியருக்கும் நோயாளிகளுக்கும் ஏற்பட்ட காயங்களும் வரையப்பட வேண்டும். கட்டுவது குறைந்து ஊசி ஏறினால் துணிக்குப் பதில் மருந்து வந்திருக்கிறது. கட்டுவதும் ஊசியும் குறைந்து ஓரத்து அறையின் கதவு அதிக நேரம் சாத்தப்பட்டிருந்தால், முதல் பக்கத்தில் எழுதிய வரையறையின்படி அதையும் எண்ணியிருக்கிறோமா என்று மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.